கிழக்குச் சரிவில் போன சாலை

கோலாலம்பூரில் சாலை போடும் அலுவலகம் ஒன்றில் பிளான் வரைகிறவனாக இருந்தேன். ஜாகை பிரிக்பீல்ட்ஸில். விடிந்ததும் ஒரு பால்கார அக்கா வாசலில் செம்பைத் தட்டிக் கூப்பிடுவாள். ஊருக்கு வெளியே எங்கோ மாடு வைத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

மலை மேலிருந்த கல்லுடைக்கும் இடத்துக்கு மாட்டுவண்டிச் சாலை போட உத்தரவானது. எங்கள் அலுவலகத் தலைவரான வெள்ளைக்காரத் தொரை மேற்குப் பக்கமாக நேரே மேலே பென்சிலால் கோடு இழுத்து, சுத்தமாக வரையச் சொல்லி என் மேஜைக்கு அனுப்பினார். வரைபடத்தில் ஒரே உயரத்திலுள்ள இடங்களையெல்லாம் சேர்த்துப் பழுப்பு மையில் கோடுகள் போட்டிருக்கும். ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குப் பத்தடி உயரம் கூடும். மேற்கில் அந்தக் கோடுகள் சீப்புப் பல் போல நெருங்கிக் கிடந்தன. கவராயத்தை வைத்து அளந்தேன். இரண்டு கோட்டுக்கு நடுவே தரையில் அறுபது அடிதான். ஆறடி நடந்தால் ஓரடி ஏற்றம். கல் ஏற்றிய வண்டி அதில் இறங்கினால் பாரம் மாடுகளின் மேலேயே வந்து சாயும். கிழக்கிலோ கோடுகள் முந்நூறு அடி விலகி விலகி ஓடின. முப்பதடிக்கு ஓரடி.

தொரையிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, கவனித்தாய். கிழக்கே போகட்டும்" என்றார். அன்று மாலை வீட்டுக்கு நடந்தபோது எனக்கு நான் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தேன்.

சாலை போகும் வழியைக் குறிக்க முளை அடிக்கப் போன நாளில் அந்தக் கிழக்குச் சரிவில் ஒரு மாட்டுக்கொட்டகை நின்றது. சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். எங்கள் பால்கார அக்கா.

"என்ன தம்பி, இவ்வளவு தூரம்?"

அளவுச் சங்கிலி பிடித்த ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "சாலை வருதுக்கா. கொட்டகை மேலேயே போவுது. கோட்டை இந்தப் பக்கம் மாத்துனது நான்தான். அந்தப் பக்கம் செங்குத்து, வண்டி இறங்காது."

அவள் கணவர் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "வேற வழியே இல்லீங்களா?"

"பாத்துட்டு வரேண்ணே" என்றேன்.

உண்மையாகவே பார்த்தேன். கிழக்கில் கொட்டகையை விலக்கிப் போக இரு பக்கமும் பாறை விடவில்லை. கவராயத்தை முந்நூறு அடிக்கு விரித்து, மேற்குச் சரிவில் கோட்டுக்குக் கோடு சாய்வாகத் தாவ விட்டால், மலையைச் சுற்றி ஏறும் நீளமான பாதை ஒன்று கிடைத்தது. தொரை தலையை ஆட்டினார். "இவ்வளவு நெருக்கமான கோடுகளில் பக்கவாட்டில் வெட்டினால் மேலே நிற்கும் மண் முதல் மழைக்கே சாலையில் விழும்." கோடுகளும் அதைத்தான் சொல்லின.

அக்கா பால் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. திட்டவுமில்லை. "கோட்ட நீங்க போட்டுட்டீங்க, மாட்ட எங்க கட்டுறது தம்பி?" என்று ஒரே ஒரு நாள் கேட்டாள். அதற்குப் பிறகு செம்பை நீட்ட என் மனைவியை அனுப்பினேன்.

சில வாரங்களில் நில அலுவலகத்திலிருந்து படம் வந்தது. அக்கா குடும்பத்துக்கு மாற்று இடமாக மேற்கு அடிவாரத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டிருந்தார்கள். அதற்கு நேர் மேலே அதே சீப்புப் பல் கோடுகள். போதாததற்கு, கோடுகளெல்லாம் ஒரே இடத்தில் உச்சியை நோக்கி முனைபோல் வளைந்திருந்தன. அப்படி வளைந்தால் அது நீரோடும் பள்ளம். மழையும் மண்ணும் அந்தச் சதுரத்தில்தான் வந்து இறங்கும்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு நில அலுவலகத்துக்கு நானே போனேன். அங்கே பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த கிராணி, "இங்கே கொடுக்க இது ஒண்ணுதான் இருக்கு. வேணாம்னா கிள்ளான் பக்கம்தான்" என்றார். அக்காவிடமும் அண்ணனிடமும் போய்ப் படத்தை விரித்துச் சொன்னேன். அண்ணன் மலையைப் பார்த்தார். "புள்ளைங்க இருக்கு. கிள்ளானே ஆகட்டும்" என்றார்.

இருபது மைல் தள்ளியிருக்கும் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் காலைப் பால் எப்படி வரும்? மாடுகளை விற்றார்கள், இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் தென்னந்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்.

மழைக்காலத்தில் மேற்குச் சரிவு இறங்கியது. அந்தச் சதுரம் இருந்த இடத்தில் செம்மண் ஆளுயரத்துக்குக் கிடந்தது. யாருமில்லை. அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். தட்டையான நிலம், எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் தேங்கி நின்றது. அக்கா இளைத்திருந்தாள். மண் சரிந்த செய்தி அவளுக்கு எட்டியிருந்தது.

"நீங்க சொல்லலேன்னா எல்லாரும் மண்ணுக்குள்ள போயிருப்போம் தம்பி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிடாதீங்கக்கா" என்றேன். அவள் கையை இறக்கவில்லை. அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. திரும்பும் ரயிலில், மேற்கே போட்டிருந்த அந்த முதல் பென்சில் கோட்டை நான் அளக்காமலே வரைந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். எத்தனை மாடுகள், எத்தனை வண்டிக்காரர்கள். இல்லை, அளந்தது சரிதான். அவள் கும்பிட்ட கைகள் மட்டும் கண்ணை விட்டு அகலவே இல்லை.