அக்காண்ட அஞ்சு வீதம்

தயாளினி அக்காவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதல்ல கோபந்தான் வரும். அவாவில இல்லை, என்னிலயும் அவவின்ர தம்பியிலயும். பேரைச் சொல்லிப்போடுறன், சுதாகரன். பயந்துகொண்டிருக்க எனக்கென்ன வந்தது?

நான் சாரங்கா. கிளிநொச்சியில மரம் நடுற ஒரு தொண்டு நிறுவனத்தில கணக்குப் பகுதியில வேலை. குளக்கட்டு, பள்ளிக்கூட வளவு, றோட்டோரம் எண்டு நாங்கள் மரம் நடுறம். மரக்கன்றை ஆரிட்டையாவது வாங்க வேணும். அப்பிடி 2023 வைகாசியில நாங்கள் விலை கேட்டதுக்கு வந்த கொட்டேசனில ஒண்டுதான் தயாளினி அக்காண்டது.

அவாண்ட ஊர் கனகராயன்குளத்துக்கு உள்ளால போற ஒரு கிராமம். தாய்தேப்பன் எழுவத்தேழு கலவரத்தில தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த ஆக்கள். புருசன் செத்து ஒம்பது வருசம். ஒரு மகள். வீட்டு வளவில நிழலுக்குக் கறுப்பு வலை கட்டி, பொலித்தீன் பையில மண் நிரப்பி, மருது, மா, தேக்கு, மலைவேம்பு எண்டு கன்று போட்டு வித்தா. நாங்கள் முதல் தரம் கன்று பார்க்கப் போகேக்க எங்கட களப் பெடியங்களுக்குக் கை கழுவத் தண்ணி ஊத்திக் குடுத்திட்டு, "முதல்ல வேரப் பாருங்க, பிறகு இலையப் பாருங்க" எண்டு பையைக் கிழிச்சுக் காட்டினவா. வாய்க்காரி. கன்றுக்குச் சுகமில்லையெண்டால் ஒரு பையும் லொறியில ஏறாது. கன்று அறுவது ரூபா, மாதம் மூவாயிரம் கன்று. ஒரு லட்சத்து எண்பதினாயிரம்.

இதிலதான் வரி வந்தது. கொட்டேசனிலயோ ரெண்டரிலயோ சாமான் தாற தனி ஆளுக்கு மாதத்தில ஒரு லட்சத்துக்கு மேல குடுத்தால், குடுக்கிறவை அஞ்சு வீதம் கழிச்சு வச்சு இறைவரிக்குக் கட்ட வேணும். லட்சத்துக்கு மேல வாற மிச்சத்துக்கு மட்டுமில்லை, முழுத் தொகைக்கும். அப்ப ஒம்பதினாயிரம் கழியும். அடுத்த மாதம் பதினஞ்சாந் திகதிக்கு முன்னம் நான் கட்டிப்போட்டு, கட்டினதுக்கு அவவின்ர பேரில ஒரு சான்றிதழ் எழுதிக் குடுப்பன். அது அரசாங்கம் விழுங்கிற காசில்லை. வருசக் கடைசியில வருமான விபரம் நிரப்பேக்க அந்தச் சான்றிதழ்த் தொகையை வர வேண்டிய வரியில கழிச்சுக்கொள்ளலாம், வரியே வராட்டில் திருப்பிக் கேக்கலாம். அக்காவுக்குப் பை, மண், கூலி எல்லாம் போக வருசத்துக்கு அஞ்சு லட்சம் மிஞ்சினால் பெரிய காரியம். பன்ரெண்டு லட்சத்துக்கு மேல லாபம் வந்தால்தான் வரியே. அப்ப அந்த ஒம்பதினாயிரமும் அவவின்ர சொந்தக் காசு, பத்திரமாய்க் கிடக்கிற காசு.

இதை முழுக்க நான் அவாவுக்கு ஒருநாளும் சொல்லேல்லை. கிளிநொச்சிக்கு வந்து போறதெண்டால் ஒரு நாள் வேலை போயிடும், கன்றுக்கு ரெண்டு நேரமும் தண்ணி விட வேணுமே. அதால செக்கும் சான்றிதழும் வாங்கத் தம்பிதான் வருவான். வவுனியாவில கணக்கியல் படிச்சவன், அக்கா காப்பு அடகு வச்சுப் படிப்பிச்சவன். எனக்குச் சந்தேகப்பட என்ன இருக்கு? இஞ்ச அக்காண்ட கடதாசியைத் தம்பி வாங்கிறது, அண்ணாண்ட கடதாசியைத் தங்கச்சி வாங்கிறது வழமைதானே. எங்கட பதிவுப் புத்தகத்தில கையெழுத்து வச்சு வாங்கினான். ஆறு மாதம், ஆறு சான்றிதழ், அம்பத்து நாலாயிரம்.

ஐப்பசியில ஒருநாள் கேட்டான்.

"மிஸ், கொம்பனி எண்டால் இந்த அஞ்சு வீதம் வெட்டுவியளோ?"

"இல்லை, இஞ்சத்தைய கொம்பனிக்கு இதில வெட்டு இல்லை. தனி ஆளுக்குத்தான்" எண்டு சொன்னன்.

உண்மைதான் சொன்னன். ஆனால் அரை உண்மை. கொம்பனிக்கு வெட்டாட்டில் அதுக்கு வரியே இல்லையெண்டில்லை. அது தன்ர கணக்கைத் தானே காட்டித் தானே கட்ட வேணும். அதைச் சொல்லேல்லை. தேத்தண்ணி ஆறுது எண்டு என்ர பாட்டுக்கு எழும்பிப் போயிட்டன், விசரி!

கார்த்திகையில ஒரு கொம்பனியின்ர தலைப்புக் கடதாசியில கடிதம் வந்தது. இனிமேல் கன்று இந்தக் கொம்பனிதான் தரும், காசையும் இதின்ர கணக்குக்குப் போடுங்கோ எண்டு. கீழ தயாளினி அக்காண்ட கையெழுத்து. கடிதம் முழுக்க இங்கிலீசு. அவாவுக்கு இங்கிலீசு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோப்பில போட்டன். அதுக்குப் பிறகு மாதா மாதம் ஒரு லட்சத்து எண்பதினாயிரம் முழுசாய்க் கொம்பனிக்குப் போச்சு, ஒரு சதமும் கழிக்காமல்.

மாசி மாதம், மத்தியானம் சாப்பாட்டுக்கு எழும்ப வெளிக்கிட, தயாளினி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தா. காலில செம்மண். கதிரையில இருக்கேல்லை.

"என்ன தங்கச்சி, உங்க ஒபிஸ் நல்லா நடக்குதா? மூணு மாசம் ஆச்சு, ஒரு காசு தரல. வேலைக்கு வார பொம்பளைங்களுக்கு நான் என்னத்தக் குடுக்கிறது? என்னைய ஏமாத்துறீங்களா?"

எழும்பின நான் திரும்பவும் கதிரையில இருந்தன்.

"அக்கா, நாங்கள் எல்லா மாதமும் போட்டிட்டம். இருங்கோ, காட்டுறன்."

"தம்பி சொன்னான், ஒபிஸ்ல காசு வரலன்னு."

நான் கணினியைத் திருப்பிக் காட்டினன். கார்த்திகை, மார்கழி, தை. மூண்டும் கொம்பனிக் கணக்குக்குப் போயிருந்தது. அவா விரலால ஒவ்வொண்டாய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. பிறகு கதிரையில இருந்தா.

"அதெல்லாம் என்னோட கம்பனிதானே புள்ள? தம்பி எனக்காகத்தானே போட்டான். வெட்டுற காசு அரசாங்கத்துக்குப் போகுது, அது திரும்பி வராது, கம்பனின்னா வெட்ட மாட்டாங்கன்னு அவன்தான் சொன்னான்."

"கொம்பனிக் கடதாசி ஏதும் கையில இருக்கோ?"

பொலித்தீன் பையில சுத்திக் கொண்டுவந்திருந்தா. நான் வாசிச்சன். நூறு பங்கு. சுதாகரனுக்குத் தொண்ணூறு, அவாவுக்குப் பத்து. இயக்குநர் சுதாகரன் மட்டும். வங்கிக் கையெழுத்தும் அவன் மட்டும். கடைசியில ஒரு தாள்: வலை, தண்ணி மோட்டர், பை, கன்று எல்லாத்தையும் கொம்பனிக்குக் கையளிக்கிறன் எண்டு அக்கா கையெழுத்து வச்சிருந்தா.

"என்ன புள்ள எழுதியிருக்கு? வாசிங்க."

வாசிச்சன். தமிழில மாத்தி, ஒரு இடமும் விடேல்லை. முடிஞ்சோடன, "அதான் மோட்டரக் கழட்டிக்கிட்டுப் போனான்" எண்டா. "றோட்டுக்கரையில பெரிய இடமா எடுத்திருக்கு அக்கா, அங்க வைப்பம்னான். நான் லொறிக்குக் கைகுடுத்து ஏத்திவிட்டேன்."

அப்பதான் எனக்கு உறைச்சது. "அக்கா, வெட்டினதுக்கு நான் தந்த ஆறு சான்றிதழும் எங்கை?"

"என்ன சான்றிதழ்?"

என்ர கடவுளே! புத்தகத்தை எடுத்து அவன்ர ஆறு கையெழுத்தையும் காட்டினன். அந்தக் காசு உங்கட பேரில கிடக்கு, நீங்கள் கேட்டால் திரும்பி வரும், அவனுக்கு இது நல்லாத் தெரியும், படிச்சவன் எண்டு சொன்னன். சொல்லச் சொல்ல என்ர குரலே எனக்குப் பிடிக்கேல்லை. ஆறு மாதம் முன்னம் சொல்லியிருக்க வேண்டிய கதை.

"அப்ப அது போகலயா?"

"போகேல்லை அக்கா."

"போகாத காசக் காப்பாத்தவா நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன்?"

வேலியே பயிரை மேஞ்சால் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது எண்டு கேப்பினம். இதில வேலிக்கு வழி காட்டினது நான்.

அவா அழேல்லை. திட்டினா. வாய் நிறையத் திட்டினா. "கட்டையில போவான், அவனுக்குச் சோறு ஊட்டின கை இது" எண்டு கையை மேசையில அடிச்சா. எங்கட ஒபிஸ் ஆக்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தவை. பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் சொல்லலையே புள்ள" எண்டா. சத்தம் போடாமல் சொன்னா. அதுதான் எனக்கு இண்டைக்கும் குத்துது.

சுதாகரனிட்டை நான் போனில கதைச்சனான். "மிஸ், அக்காவுக்கு வியாபாரம் தெரியாது. அவாவை மேற்பார்வையாளராய் வச்சு மாதம் சம்பளம் குடுப்பன், அவாதான் வர மாட்டன் எண்டுறா" எண்டான். வியாபாரம் தெரியாதாம்! கன்றின்ர வேரை அவனுக்குக் காட்டிக் குடுத்ததே அவாதான். எங்கட மேலதிகாரியிட்டையும் போய்ச் சொன்னன். கடிதத்தில கையெழுத்து இருக்கு, கொம்பனி பதிஞ்சு கிடக்கு, நாங்கள் குடும்பப் பிரச்சினையில தலை போடேலாது எண்டிட்டார்.

என்னாலை ஏலுமானதைச் செய்தன். ஆறு சான்றிதழுக்கும் பிரதி எடுத்துக் குடுத்தன். வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வரி இலக்கம் எடுத்து, வருமான விபரத்தை நிரப்பி, திருப்பிக் கேட்டிருக்கிறம். வரும், ஆனால் மெதுவாய்த்தான் வரும். அந்த அம்பத்து நாலாயிரத்தில மோட்டரும் வலையும், கொம்பனிக்குப் போன மூண்டு மாதக் காசும் திரும்பி வராது.

அக்கா திரும்பவும் விதை போட்டா. வாளியால தண்ணி அள்ளி ஊத்தினா. இந்த வருசக் கொட்டேசனில பெரிய பங்கு கொம்பனிக்குத்தான் போச்சு, விலை குறைச்சுப் போட்டவன். அக்காவுக்கு மாதம் ஆயிரத்தைஞ்ஞூறு கன்று மட்டும் கிடைச்சது. தொண்ணூறாயிரம்.

முதல் செக் வாங்க அவாவே வந்தா. தம்பியும் இல்லை, ஆரும் இல்லை. ஒரு நாள் வேலையை விட்டிட்டு வந்தா. புத்தகத்தில தமிழில ஒவ்வொரு எழுத்தாய்க் கையெழுத்து வச்சா. செக்கைப் பார்த்தா. பிறகு கை நீட்டினபடியே இருந்தா.

"என்னக்கா?"

"சான்றிதழ்."

"இந்த முறை வெட்டேல்லை அக்கா. லட்சத்துக்கு மேல போனால்தான் வெட்டுறது. இது தொண்ணூறுதானே. முழுசாய் வந்திருக்கு, சந்தோசப்படுங்கோ."

அவா சந்தோசப்படேல்லை.

"வெட்டிட்டுத் தாங்க புள்ள" எண்டா. "என் பேரு போட்டு அரசாங்கக் கடதாசி ஒண்ணு வேணும். இல்லாட்டி இந்தக் கன்று நான் வளத்ததுன்னு சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு?"

சட்டம் இடம் குடுக்காது எண்டு சொன்னன். அவா செக்கை மடிச்சுச் சட்டைக்குள்ள வச்சுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனா.