உலோகம் வேண்டாம் என்ற ரெங்கம்மாள்

ஜீயபுரத்தில் வாழை இலைக் கட்டுப் போடுகிறவர்களில் ரெங்கம்மாளின் கட்டு மட்டும் சந்தை போய்ச் சேரும் வரை தளராது. நனைத்த வாழைநாரின் ஒரு முனையை வலது கடைவாயில் கடித்துக்கொள்வாள். மறு முனையை இரண்டு கையாலும் இழுத்து, முழங்காலால் கட்டை அழுத்தி முடிச்சுப் போடுவாள். இடது பக்கம் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. சோற்றை மெல்வதும் நாரைக் கடிப்பதும் வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை நம்பித்தான்.

2023 ஆவணியில் அந்தப் பல்லின் நாக்குப் பக்கம் உடைந்தது.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் இருக்கும் பல் மருத்துவர் சித்தார்த்தனிடம் மருமகள் யமுனா அழைத்துப் போனாள். அவர் வேர் சிகிச்சை செய்து, உடைந்த இடத்தைப் பூசி எழுப்பினார். மேலே பல்லை மூடும் கிரௌன் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பல் இரண்டாகப் பிளந்துவிடும் என்றார்.

"பின்னாடி பல்லும்மா. சிரிச்சாலும் தெரியாது. முழு மெட்டல் போட்டுடலாம். உங்க பல் தேஞ்சு குட்டையா இருக்கு. மெட்டலுக்குக் கொஞ்சமாச் சீவினாப் போதும். உடையாது. மேல்பல்லையும் தேய்க்காது."

"மெட்டல் வேணாம் தம்பி."

"ஏம்மா?"

"வேணாம்னா வேணாம். வாயில இரும்பு இருக்கக் கூடாது."

"ராத்திரியில பல்லைக் கடிப்பீங்களா? தேய்மானம் ரொம்ப இருக்கே."

"தூங்கையில நான் என்ன பண்றேன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

யமுனா சிரித்துவிட்டாள். மருத்துவரும் சிரித்தார். பகலில் நாரைக் கடிப்பதை ரெங்கம்மாள் சொல்லவில்லை. அது ஒரு வேலை, பல்லைப் பற்றிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

உலோகம் ஏன் வேண்டாம் என்பதையும் அவள் சொல்லவில்லை. அவளுடைய கணவன் மூக்கனுக்கு முன்பல்லில் மஞ்சள் நிறத்தில் ஒரு கவசம் இருந்தது. இளவயதில் வெளியூரில் வேலை பார்த்தபோது போட்டுக்கொண்டது. மூக்கன் இறந்த அன்று, பாடை கட்டி முடிந்த நேரத்தில், அவனுடைய அண்ணன், "தங்கம் வீணா எரிஞ்சு போகுமே" என்று சொல்லிக் கொறடு கேட்டார். தாடையைப் பிடித்து இழுத்துத் திறந்தார்கள். கவசம் பல்லோடு வந்தது. கூடவே உதடும் கிழிந்தது. பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு ஆசாரி உரசிப் பார்த்து, தங்கமில்லை என்றார். கவசத்தை எங்கே எறிந்தார்கள் என்றுகூட யாருக்கும் நினைவில்லை. மூக்கனின் வாயை மூடிவிட முடியாமல் துணியால் தாடையைக் கட்டித் தூக்கிப் போனார்கள். யமுனா அந்த வீட்டுக்கு வாழ வந்தது அதற்குப் பல வருடம் கழித்து.

ரெங்கம்மாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மருத்துவர் யமுனாவிடம் பேசினார்.

"வெள்ளையா வேணும்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஜிர்கோனியா. பீங்கான் மாதிரிக் கட்டியை மெஷின்ல கடைஞ்சு எடுப்பாங்க. முழுக்க ஒரே பொருள், அதனால மேல பூச்சு உரியறதுன்னு இல்ல. ஆனா இவங்க பல் குட்டை. ஒட்டறப்ப ஈரம் படக்கூடாது. உடைஞ்ச இடம் ஈறுக்குக் கீழ போயிருக்கு, அங்க ஈரம் கசியுது. கழண்டு வந்துடுமோன்னு எனக்குப் பயம். இன்னொண்ணு மெட்டல் செராமிக். உள்ள மெட்டல் தொப்பி, மேல பல் நிறத்துல பீங்கான். பல்லுல சின்னப் பள்ளம் வெட்டினா மெட்டல் அதுல கச்சிதமா உக்காந்து பிடிச்சுக்கும். ஆனா ரெண்டு அடுக்குக்கும் இடம் வேணும், கொஞ்சம் அதிகமாச் சீவணும். கடிக்கிறதும் ஜாஸ்தி, பீங்கான் சில்லு பெயரலாம்."

"நீங்க எதைச் சொல்றீங்க?"

"நான் முழு மெட்டலைத்தான் சொல்றேன். அது முடியாதுன்னா மெட்டல் செராமிக்."

"சரி, அதையே போடுங்க டாக்டர். உள்ள மெட்டல் இருக்குன்னு அத்தைகிட்டச் சொல்ல வேணாம். இந்த வயசுல அழகு பாக்குறாங்க. வெளியே தெரியாதுல்ல?"

மருத்துவர் சற்று யோசித்தார். முன்பல்லோ பின்பல்லோ, உலோகம் வேண்டாம் என்கிறவர்கள் எல்லோரும் நிறத்துக்காகத்தான் சொல்கிறார்கள் என்பது அவருடைய அனுபவம். "தெரியாது" என்றார்.

கிரௌன் பொருத்திய அன்று ரெங்கம்மாள் கண்ணாடியில் பார்த்தாள்.

"இது என்ன தம்பி, பீங்கானா?"

"மேல பீங்கான்தாம்மா."

"நல்லா இருக்கு. என் பல்லு மாதிரியே இருக்கு." கண் கலங்கியது. அதையும் அவர் நிறத்தின் மகிழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்.

தை மாதம் முகூர்த்தம் நிறைய. இலைக்கு நல்ல கிராக்கி. ரெங்கம்மாள் விடியலிலிருந்து கட்டுப் போட்டாள். ஒரு நாள் நாரை இழுக்கும்போது வாயில் நறுக்கென்றது. துப்பினாள். உள்ளங்கையில் வெள்ளைச் சில்லு ஒன்று கிடந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உடைந்த இடத்தில் சாம்பல் நிறம் பளபளத்தது.

"யமுனா, இங்க வா. இது என்ன?"

யமுனா பார்த்தாள். "உள்ள இருக்குற மெட்டல் அத்தை. சின்னச் சில்லுதான் போயிருக்கு. டாக்டர் தேச்சுச் சரிபண்ணிடுவாரு."

"உனக்குத் தெரியுமா?"

"வெளியே தெரியாதுன்னாரு. அதான்..."

"ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு இரும்பு வச்சிருக்கீங்க."

"அத்தை, எல்லாரும்தான் போட்டுக்கிறாங்க. இதுல என்ன இருக்கு?"

அன்று மத்தியானம் யமுனா கடைக்குப் போயிருந்தபோது, ரெங்கம்மாள், மகன் சுரேஷ்குமாரின் மோட்டார் ரிப்பேர்ப் பெட்டியிலிருந்து கொறடை எடுத்தாள். மருத்துவர் வெட்டிய பள்ளங்களில் கிரௌன் அவர் எண்ணியபடியே இறுக உட்கார்ந்திருந்தது. தனியாகக் கழன்று வரவில்லை. பூசி எழுப்பிய பல்லோடு சேர்ந்தே முறிந்து வந்தது. யமுனா திரும்பியபோது முற்றத்தில் ரத்தம். கிணற்றடியில் ரெங்கம்மாள் வாய் கொப்பளித்துக்கொண்டு இருந்தாள்.

ஸ்ரீரங்கத்தில் சித்தார்த்தன் எக்ஸ்ரே எடுத்தார். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தது. இனி எந்த கிரௌனும் அதில் நிற்காது, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில் கேட்டார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

அப்போதுதான் ரெங்கம்மாள் மூக்கனைப் பற்றிச் சொன்னாள். நாரைப் பற்றியும் சொன்னாள். மரத்த உதட்டால் சொன்னதால் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. யமுனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜிர்கோனியா உலோகம் இல்லம்மா," என்றார் அவர். "நீங்க இதைச் சொல்லியிருந்தா, ஈறைக் கொஞ்சம் எடுத்துப் பல்லை உயரமாக்கி, அதையே போட்டிருப்பேன். நாரைக் கடிக்காதீங்கன்னும் சொல்லியிருப்பேன்."

"நீங்க கேக்கலியே தம்பி."

"கேட்டேன்."

"ஒரு தடவை கேட்டீங்க."

அவர் இடுக்கியை எடுத்தார். வேர் இரண்டு துண்டாக வந்தது.

அதன் பிறகு ரெங்கம்மாள் இலைக் கட்டுப் போடுவதில்லை. இலைகளை அளவு பார்த்துப் பிரித்து அடுக்குகிறாள். கட்டுவது வேறொருத்தி. கழற்றி மாட்டும் பல்செட்டுக்கு மருத்துவர் கூப்பிட்டார். அதிலும் கம்பி இருக்குமா என்று கேட்டாள். கம்பியில்லாமலும் செய்யலாம் என்றார். அவள் போகவில்லை. யமுனா சோற்றைக் குழைய வடித்து, பருப்பு ஊற்றி மசித்துத் தருகிறாள். ஒரு நாள் தட்டை வைத்துவிட்டு, "மன்னிச்சுடுங்க அத்தை" என்றாள்.

ரெங்கம்மாள் ஒரு வாய் விழுங்கினாள்.

"நான் போன பிற்பாடு மாமாவோட அண்ணன் வீட்டு ஆளுங்க வருவாங்க. வந்தாலும் என் வாயைத் திறக்க விடாதே. உள்ள ஒண்ணுமில்லன்னு நீயே சொல்லிடு."

"சொல்றேன்."

"என் வாயில என்ன இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.