நண்டின் சிவப்பும் மாப்பிள்ளையின் மாத்திரையும்

அம்மா பிபி மாத்திரையை நிறுத்தி ஐந்து வாரம் ஆகியிருந்ததை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநர் வேலை எனக்கு. மாதாமாதம் அம்மாவின் மாத்திரையை நானே எடுத்துப்போய்க் கொடுப்பேன். அந்த மாதம் கொண்டுபோனபோது போன மாதத்து அட்டை பிரிக்காமலே அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு சிவப்புப் பாட்டில்.

"மாப்ள குடுத்தாருடா. இதுவே எல்லாத்தையும் பாத்துக்குமாம். ரெண்டையும் சேத்துத் துன்னக் கூடாதாம்" என்றார் அம்மா.

மாப்பிள்ளை என்றால் என் அக்கா வீட்டுக்காரர். சின்னசேலத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர். ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, இந்த கேப்சூலை விற்கும் குழுவில் சேர்ந்திருந்தார். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை கையால் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கமே கிடையாது. கசந்தாலும் விழுங்குவார்கள். கரும்பு வெட்டி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய அம்மா யாருக்கும் பயப்படாதவர். மாப்பிள்ளைக்கு மட்டும் பதில் பேசமாட்டார்.

பாட்டிலைத் திருப்பிப் படித்தேன். ஆன்டி ஆக்ஸிடன்ட் கேப்சூல். அஸ்டாக்சாந்தின், லைகோபீன் என்று இரண்டு சிவப்பு நிறமிகள், கூட விட்டமின் சி. கீழே பொடி எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு கோயில் முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நான் அந்தத் தவற்றைச் செய்தேன். கல்லூரியில் படித்ததையெல்லாம் ஆங்கில வார்த்தைகளாக மாமாவின் இலைக்கு எதிரே கொட்டினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இன்னாடா மச்சான், நாலு எழுத்து படிச்சதும் மாமனுக்கே பாடம் எடுக்குறியா? இரு, நான் காட்டுறேன்."

ஒரு டம்ளர் தண்ணீரில் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தை நாலு சொட்டு விட்டார். தண்ணீர் பழுப்பானது. "இதாண்டா உடம்புல கீற அழுக்கு" என்று சொல்லிக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டிக் கலக்கினார். பழுப்பு மறைந்து தண்ணீர் தெளிந்தது. அக்கா கை தட்டினாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்த அம்மா சொன்னார்: "படிச்சவன் பேசுற பேச்சாடா இது? மாப்ள மனசு நோவக் கூடாது. அந்த மாத்திரைய எடுத்துக்கினு போ." அட்டையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. தெளிந்த தண்ணீரில் சிவப்புத் துகள்கள் கரையாமல் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தன. அஸ்டாக்சாந்தினும் லைகோபீனும் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் அல்ல. அப்படியானால் பழுப்பைத் துரத்தியது எது? அவர் விற்கும் சிவப்பு அல்ல. கூடவே சேர்த்திருந்த விட்டமின் சி!

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே யோசனை. மாமாவை மட்டம் தட்டினால் அம்மா மாத்திரை சாப்பிடப் போவதில்லை. ஜெயிக்க வேண்டியது அவரை அல்ல.

அடுத்த ஞாயிறு சீக்கிரமே போனேன். பையில் பிபி மிஷின், அயோடின், ஒரு எலுமிச்சம்பழம், எங்கள் கடைக்குப் பக்கத்துக் கலர்மீன் கடையில் வாங்கிய சின்னப் பாட்டில். கரியாலூர் பக்கத்து ஓடையில் பிடித்த நண்டுகளை யாரோ கொடுத்திருக்க, அம்மா சுத்தம் செய்துகொண்டிருந்தார். மாமா முறைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, போன வாரம் பேசுனது தப்புதான். நீங்க காட்டுனத நானும் செஞ்சி பாக்கட்டுங்களா? நீங்களே ஊத்துங்க."

"ஊத்துனா போச்சி" என்றார், கொஞ்சம் இறங்கி.

இரண்டு டம்ளரில் பழுப்புத் தண்ணீர். ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழிந்தார். தெளிந்தது. "அட!" மற்றதில் அந்தச் சின்னப் பாட்டிலிலிருந்து சில சொட்டு. கண் மூடித் திறப்பதற்குள் வெறும் தண்ணீர் போலத் தெளிந்தது.

"இது இன்னாடா, கேப்சூலவிட சூப்பரா கீது?"

"மீன் தொட்டியில குளோரின் போறதுக்கு வுடுற மருந்து மாமா. குடிக்கிறீங்களா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "குடிங்க, உடம்பு அழுக்கு போவும்!"

மாமா டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். "அப்போ அந்தக் கூட்டத்துல எல்லாரையும் முட்டாளாக்கிட்டானுங்களா?"

எனக்குத் தெரிந்ததைத் தமிழிலேயே சொன்னேன். ஆன்டி ஆக்ஸிடன்ட் என்றால் டம்ளருக்குள் ஒரு பொருள் இன்னொன்றோடு சேர்ந்து அதை அடக்குகிறது, அவ்வளவுதான். உடம்பு டம்ளர் அல்ல. அவர் அழுக்கு என்று சொன்னது போன்ற, மற்றதைத் தாக்கும் பொருட்களைக் கிருமியைக் கொல்ல உடம்பே தயாரிக்கிறது. மிஞ்சுவதை அடக்கத் தன் கையிலேயே ஆட்களை வைத்திருக்கிறது. வெளியிலிருந்து அள்ளிப் போட்டால் நல்லது நடக்கும் என்று சோதித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இதே இனத்தைச் சேர்ந்த பீட்டா கரோட்டினைக் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடியே விட்டது.

அதற்குள் அம்மா குழம்பில் நண்டைப் போட்டிருந்தார். கறுப்பும் பச்சையுமாக இருந்த ஓடு எங்கள் கண்ணெதிரே செந்நிறமானது.

"மாமா, இந்தச் செவப்புலயும் நீங்க விக்கிற அஸ்டாக்சாந்தின் கீது. நண்டு ஓட்டுல புரதம் அத புடிச்சி வெச்சிக்கும். சூடு பட்டா புரதம் வுட்டுடும், நிறம் வெளிய வரும். தக்காளியோட செவப்புதான் லைகோபீன். அதையும் எண்ணெயில வதக்குனாதான் உடம்புல நல்லா சேரும்."

"அப்போ நம்ம கொழம்புலயே எல்லாம் கீதா?" என்று அம்மா கரண்டியோடு திரும்பினார்.

"கீதும்மா. ஆனா கம்மியாதான். பாட்டில்ல அதவிட ஜாஸ்தி, பொய் சொல்லக் கூடாது. ஜாஸ்தியா இருந்தா நல்லதுன்னு ஆவாது, அவ்ளோதான். நண்டும் தக்காளியும் சோத்துக்கு. பிபிக்கு ரெண்டும் வைத்தியம் இல்ல, இந்த பாட்டிலும் இல்ல."

பிறகு மிஷினை எடுத்தேன். அம்மாவை உட்காரவைத்து, கொஞ்ச நேரம் கழித்துக் கையில் பட்டையைக் கட்டி, பொத்தானை மாமாவையே அழுத்தச் சொன்னேன். எண் நின்றது: நூற்று எண்பத்து நாலு, கீழே நூற்றுப் பத்து. மறுபடி அழுத்தினார். ஏறக்குறைய அதேதான்.

மாமாவின் முகம் மாறியது. எங்கள் அப்பா இதே பிபி ஏறிப் பக்கவாதத்தில் போனவர். அவர் கிடந்த கட்டிலைச் சுமந்தவர்களில் மாமாவும் ஒருவர்.

அவரே எழுந்துபோய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு அந்த அட்டையை எடுத்தார். ஒரு மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு அம்மா முன்னால் நின்றார்.

"அத்த, நான் சொன்னது தப்பு. இத்த போட்டுக்கோங்க. நாளைக்கி நானே உங்கள ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போறேன்."

மாப்பிள்ளை கையால் கொடுத்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், எனக்கு எல்லாம் தெரியும்டா என்பதுபோல. தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்கினார்.

மூன்று வாரம் கழித்து நூற்று முப்பத்தாறு, எண்பத்து நாலு. மாமா அதைப் போனில் சொன்னபோது, ஏதோ கோப்பையை வென்றவர் போலக் கத்தினார். கடையில் மருந்து வாங்க நின்றவர்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் கத்தினேன்.