நானூற்று நான்கு மோட்டார்கள்

பட்டறையில் அவளுக்குச் செம்பக்கா என்று பெயர். செம்புக் கம்பியும் அவளும் பிரிந்து யாரும் பார்த்ததில்லை. எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குப் செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகச் சுற்றுவது அவள் வேலை. கல்யாணமான இரண்டாம் வருடம், சுற்றும் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். வாசலில் மோட்டார் குவிந்து கிடந்தது. பட்டறைக்காரரான புருஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவள் எரிந்த மோட்டார் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். அவள் சுற்றிய முதல் மூன்று மோட்டார்கள் புகைந்தன. நான்காவது ஓடியது. அதன் பிறகு அவள் அந்த வேலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

பழைய காயிலை வெட்டி எறிவதற்கு முன் எத்தனை சுற்று, எந்த கேஜ் தடிமனில் கம்பி, மோட்டாருக்குள் எந்த ஸ்லாட் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்கு என்று குறித்துக்கொள்ள வேண்டும். தவறினால் புதிய காயில் குருட்டாம்போக்குதான். மற்ற பட்டறைகளில் இதைச் சுவரில் சாக்பீஸால் கிறுக்குவார்கள். இங்கேயும் அப்படித்தான் இருந்தது. ஒரு தடவை பட்டறைக்காரர் ஆசையாகச் சுவருக்கு வெள்ளையடித்தார். பதினோரு மோட்டாரின் கணக்கு சுண்ணாம்போடு போயிற்று. அன்றிலிருந்து அவள் அட்டையில் எழுதினாள். ஒரு மோட்டாருக்கு ஓர் அட்டை, மேலே பில் நம்பர். எழுதிய அட்டையை எறிந்ததே இல்லை.

பதினான்கு வருடம் சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். குடும்பத்து ஆளாக இருந்தாலும் தொழிலில் வேலை செய்தால் சம்பளம் கொடுக்கலாம், அதைச் செலவாகக் கழித்துக்கொண்டு மீதி லாபத்துக்கு வரி கட்டலாம் என்றார். மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும்: வேலை நிஜமாக நடந்திருக்க வேண்டும்; பணம் நிஜமாக அவள் கைக்குப் போயிருக்க வேண்டும்; அதே வேலைக்கு வெளியாளுக்கு என்ன கொடுப்போமோ அதற்கு மேல் போகக் கூடாது.

பட்டறைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதம் முப்பதாயிரம் என்றார். அவள் பெயரில் வங்கிக் கணக்கு திறந்தார். என்ன பதவி என்று ஆடிட்டர் கேட்டபோது, மேனேஜர் என்று போடச் சொன்னார். பெண்டாட்டியைக் காயில் சுற்றுகிறவள் என்று தாளில் எழுத அவருக்கு மனசு வரவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

மூன்றாம் வருடம் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேனேஜருக்குக் கொடுத்த மூன்று லட்சத்து அறுபதாயிரம் உண்மையான செலவுதானா என்று கேட்டிருந்தார்கள். கடிதத்தில் அதற்கு முந்தின வரியில், இவர் தங்கள் மனைவி என்று தெரிகிறது என்று இருந்தது.

அவள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். வரிப் பணம் போவது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் அன்றைக்குச் சுற்றிய காயிலை இரண்டு தடவை எண்ணினாள். பதினேழு வருடம் வேலை செய்தவளை, செய்யவே இல்லை என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறார். அதுதான் அவளைக் குடைந்தது.

ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். ஆட்களை மேய்க்கிறேன், சரக்கு வாங்குகிறேன் என்று சொன்னால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பட்டறைக்காரரும் தலையாட்டினார். அவள் பரண்மேல் ஏறி இரண்டு மரப்பெட்டிகளை இறக்கினாள்.

பெட்டிகளோடு மூவரும் வரி அலுவலகத்துக்குப் போனார்கள். வரி அதிகாரி கண்ணாடி போட்ட, நறுக்கென்று பேசுகிற பெண். மேனேஜர் யாரை மேற்பார்வையிட்டார் என்று கேட்டார். பட்டறையில் ஆட்களே இரண்டு பேர். வருகைப் பதிவேட்டில் அவள் கையெழுத்து இல்லை. சரக்கு வாங்கிய சீட்டு ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. பட்டறைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆடிட்டர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், நான் மேனேஜர் இல்ல. இவர் பெருமைக்கு அப்படிப் போட்டுட்டார். நான் காயில் சுத்துறவ," என்றாள் செம்பக்கா.

ஆடிட்டர் மேஜைக்கடியில் பட்டறைக்காரரின் காலை மிதித்தார். மிதித்து என்ன செய்ய, பேசுவது அவர் இல்லையே.

பெட்டிகளைத் திறந்தாள். அதிகாரி ஓர் அட்டையை எடுத்தார். அப்புறம் பில் புத்தகத்தைப் புரட்டி, தன் இஷ்டத்துக்கு மூன்று நம்பர்களைச் சொன்னார். மூன்று அட்டைகளையும் அவள் பெட்டியிலிருந்து உருவிக் கொடுத்தாள். தேதி பொருந்தியது, மோட்டார் பொருந்தியது. ஓர் அட்டையில் நாற்பத்திரண்டு என்பதை அடித்து நாற்பத்தாறு என்று எழுதியிருந்தது. அது ஏன் என்று அதிகாரி கேட்டார்.

"முன்னாடி சுத்தினவன் நாலு சுத்து திருடிட்டான் மேடம். நானும் அதையே சுத்தியிருந்தா திரும்ப எரிஞ்சிருக்கும்."

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். வங்கித் தாளைப் பார்த்தார். மாதா மாதம் பணம் வந்திருந்தது. அதில் பெரும்பகுதி மகளின் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போயிருந்தது. ஒரு காசுகூடப் பட்டறைக்குத் திரும்பவில்லை.

இனி மிஞ்சியது, எவ்வளவு சம்பளம் நியாயம் என்ற கேள்விதான். வேலை மிஞ்சும்போது வெளியே யாருக்காவது கொடுப்பீர்களா என்றார் அதிகாரி. அடுத்த தெருவில் ஒருவருக்கு மோட்டாருக்கு எழுநூறு வீதம் கொடுத்த ரசீதுகள் இருந்தன. அவரும் இதே ரக மோட்டார்களைத்தான் சுற்றுகிறவர். அந்த வருடத்து அட்டைகளை அவளையே எண்ணச் சொன்னார். நானூற்று நான்கு. பெருக்கினால் இரண்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து எண்ணூறு.

"இவ்வளவு ஏத்துக்கிறேன். மீதி எழுபத்தேழாயிரத்து இருநூறு கழிக்க முடியாது. அது லாபத்துல சேரும், வரி உண்டு," என்றார்.

பட்டறைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "என் பெண்டாட்டிக்கு நான் கூடக் கொடுக்கக் கூடாதா மேடம்?"

"தாராளமா கொடுங்க சார். ஆனா அந்தக் கூடுதல் சம்பளம் இல்ல, பிரியம். பிரியத்துக்கு நான் கழிவு தர முடியாது."

மேனேஜராகவே இருந்திருந்தால் முழுசும் நின்றிருக்கும் என்று வெளியே வந்ததும் ஆடிட்டர் முணுமுணுத்தார். முழுசும் போயிருக்கும் என்றாள் அவள். பட்டறைக்காரர் இனிமேல் சம்பளத்தை மோட்டார் கணக்கில் போடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"போடுங்க. ஆனா ரேட்டு நான் சொல்றதுதான். அடுத்த தெருக்காரர் சுத்தினது வருஷத்துல ஆறு திரும்பி வருது. என்னோடது ஒண்ணாவது வந்துச்சா?"

ஆணை தபாலில் வந்தது. மகள் படித்துக் காட்டினாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: இவர் மேற்படி தொழிலில் காயில் சுற்றும் பணியை உண்மையில் செய்துவந்தார் என்பது ஆவணங்களால் நிறுவப்படுகிறது. செம்பக்கா அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். அப்புறம் தானே வாங்கிப் படித்தாள். காயிலுக்குப் பூசும் வார்னிஷ் ஒட்டிய அவள் விரல் தாளில் பதிந்துவிட்டது. பதிந்தால் பதியட்டும் என்றாள்.

அதன் பிறகு ஒன்பது வருடம் சுற்றினாள். கடைசி அட்டை பாதியில் நிற்கிறது.

இறப்பைப் பதிய மகள்தான் அப்பாவை அழைத்துப்போனாள். எழுத்தர் தொழில் என்ற கட்டத்தில் எதுவும் கேட்காமல் இல்லத்தரசி என்று எழுதினார். பட்டறைக்காரர் கண்ணாடித் தடுப்பில் விரலால் தட்டினார். "அடிங்க சார் அதை," என்றார். "மோட்டார் காயில் சுத்துறவங்கன்னு போடுங்க. கவர்மெண்டே எழுதிக் கொடுத்திருக்கு. வேணும்னா கொண்டாந்து காட்டுறேன்."

எழுத்தர் அடித்துவிட்டு எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை பட்டறைக்காரர் நிமிர்ந்தே நின்றார்.