ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னார்கள்

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து உரம் இறக்கும் ஒரு கம்பனியில் நான் ஷிப்ற் பொறுப்பாளர். எங்களிடம் இருந்த நான்கு கிரேன் ஓட்டிகளில் இரண்டு பேர் அடுத்தடுத்துக் கட்டாருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய இருவரில் ஒருவர் போனாலும் கப்பல் சும்மா கிடக்கும். எனக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு ஞானம் பிறந்தது. போகிறவனைக் கூப்பிட்டு ஏன் போகிறாய் என்று கேட்டு என்ன பயன், இருக்கிறவனிடம் ஏன் இருக்கிறாய் என்று கேளுங்கள், போகும் நினைப்பு வருமுன்னே கேளுங்கள் என்று சொன்னார்கள். நேரடிப் பொறுப்பாளர்தான் கேட்க வேண்டும். சம்பள உயர்வுக் கதையோடு கலக்கக் கூடாது. கேட்டபின் ஏதாவது செய்தே ஆக வேண்டும். நல்ல யோசனைதான். நான் அதை நம்பினேன்.

முதலில், மிஞ்சிய இருவரில் ஒருவரான குச்சவெளி ஊர்க்காரரைக் கன்ரீனுக்குக் கூட்டிப் போனேன். கப்பல் ஆடும்போதும் கிரேன் வாளியை ஆடாமல் இறக்கத் தெரிந்த மனிதர். கதிரையில் இருந்ததும் அவருடைய முகம் வெளிறிவிட்டது.

“என்ன சேர், என்னை நிப்பாட்டப் போறியளோ?”

“ஐயோ, இல்லை தம்பி. நீங்கள் இஞ்ச இருக்கிறதுக்கு என்ன காரணம் எண்டு அறியத்தான்.”

“அதை ஏன் கேக்கிறியள்?”

“போயிடுவியளோ எண்ட பயத்திலதான்,” என்றேன். மறைக்க என்ன இருக்கிறது!

அவர் சிரித்துவிட்டார். பிறகு தேநீரை ஆறவிட்டபடி சொன்னார்.

“எனக்குக் காலை ஷிப்ற் சேர். ரெண்டு மணிக்கு விட்டால் பஸ்ஸைப் பிடிச்சிடுவன். என்ர மகள் கதைக்க மாட்டாள், உங்களுக்குத் தெரியும்தானே. அவளின்ர பள்ளிக்கூட வான் பின்நேரம் றோட்டில நிக்கேக்க நான் அதில நிக்க வேணும். வேற ஆர் நிண்டாலும் இறங்க மாட்டாள், கத்துவாள். மனுசி, அவளின்ர தாய், குவைத்தில வேலைக்கு. அவ்வளவுதான். என்னையும் கட்டாருக்குக் கேட்டவங்கள். நான் எங்க போறது?”

“எது நடந்தால் போக யோசிப்பியள்?”

“இந்த ஷிப்ற் மாறினால்தான். மாறாட்டி நான் ஒரு இடமும் போக மாட்டன்.”

மற்ற ஓட்டி இளைஞன். கேட்டதும் பட்டென்று சொன்னான்: “வெளிநாட்டு ஏஜென்சியில பதிஞ்சு வச்சிருக்கிறன் சேர். காலை ஷிப்ற் மட்டும் தந்தால் நிப்பன்.”

இருவர் சொன்னதையும் இங்குள்ள எங்கள் மனேச்சரிடம் அப்படியே சொன்னேன். அடுத்த வாரப் பட்டியலில் காலை ஷிப்ற் இளைஞனுக்கு. குச்சவெளிக்காரருக்குப் பின்நேரம், இரவு பத்து மணி வரை.

மனேச்சரின் அறைக்கு ஓடினேன்.

“என்ன வேலை பாத்தனீங்கள்? அந்தாள் இதுக்காகத்தானே இஞ்ச நிக்குது!”

“அவர் போறன் எண்டு சொன்னவரோ?”

“இல்லை. ஆனா...”

“ஒரு இடமும் போக மாட்டன் எண்டு சொன்னவர் எண்டு நீங்கதானே சொன்னீங்க? மற்றவன்தான் போறன் எண்டான். போறவனைத்தானே பிடிச்சு வைக்க வேணும்?”

“மாறாட்டி எண்டும் சொன்னவர்!”

“பாப்பம், பாப்பம்.”

கத்தினேன். பிறகு கெஞ்சினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கெஞ்சினேன். புதிதாக ஓட்டி எடுக்கும் வரைக்கும் மட்டும்தான் என்றார். இளைஞனிடம் போய் மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன். அவன் எனக்கு முகம் தராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தான். கொழும்புக்குப் போன் எடுத்தேன், ஷிப்ற் போடுவது மனேச்சரின் வேலை என்றார்கள். அட, பிறகு எந்த நாசத்துக்கு என்னைக் கேட்கச் சொன்னீர்கள்?

குச்சவெளிக்காரர் சண்டை பிடிக்கவில்லை. இரண்டு வாரம் பின்நேரம் வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் றோட்டில் நின்று பார்த்தாளாம். மகள் இறங்கவில்லை. வான்காரன் கடைசி வரைக்கும் கொண்டு போய், திரும்பி வரும்போதும் அவள் கத்திக்கொண்டே இருந்தாளாம். ஒருநாள் கிரேனிலிருந்து இறங்கி வந்து, ஊரில் மீனுக்கு ஐஸ் போடும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். சம்பளம் பாதிதான் என்றார்.

விலகுகிறவர்களிடமும் பொறுப்பாளரே கேட்க வேண்டும் என்பது கம்பனியின் விதி. கடைசிக் கணக்கு முடிக்க அவர் ஒரு மத்தியானம் வந்திருந்தார். அதே கன்ரீன், அதே கதிரை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே என் முன்னால் தேநீரைத் தள்ளி வைத்தார்.

“கேளுங்கோ சேர். உங்கட வேலைதானே.”

“ஏன் போறியள்?” என்றேன்.

“அண்டைக்குச் சொன்னதுதான் சேர். அதையே சொல்லுங்கோ,” என்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். “ரெண்டாகுது. இப்ப போனால் பஸ்ஸைப் பிடிச்சிடுவன்.”