பதினாலாயிரம் என்று எழுதிய மின்னஞ்சல்

எஹலியகொட டவுனில் போட்டோகொப்பி கடை வைத்திருக்கும் நல்லையாவுக்குப் பணிவான கடிதம் என்றாலே குமட்டும். பதினொரு வருடமாக அவர் பிழைப்பே அதுதான். தாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறதென்று தோட்டத்து ஆட்கள் வந்து கொதிப்பார்கள். அவர் அந்தக் கொதிப்பையெல்லாம் வடித்துவிட்டு, 'தங்களின் மேலான கவனத்துக்கு' என்று தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தட்டச்சு செய்து கொடுப்பார். ஓட்டைக் கூரைக்கு மேலான கவனம் எதற்கு? ஆனால் அப்படி எழுதினால்தான் தகரம் வருகிறது. என்ன வெட்கங்கெட்ட உலகம்.

இப்போது தனக்காகவே ஒன்று எழுத வேண்டி வந்தது. காகிதமும் கரண்டும் விலை ஏறிய பிறகு, இருபதாயிரம் வாடகை கட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. குறையாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். கட்டடக்காரர் பொன்னுத்துரை கொழும்பில் இருந்தார். போனை எடுக்க மாட்டார், மின்னஞ்சலுக்கு மட்டும் பதில் போடுவார்.

முதலில் நல்லையா எழுதியது பச்சையான வசவு. மழைக்கு வாளி வைக்கிற எனக்கு நீதான் கூலி தர வேண்டும் என்று முடித்திருந்தார். அனுப்பவில்லை. கடைக்கு வரும் ஆளுக்காக எழுதுவதுபோல் உட்கார்ந்து திருத்தினார். ஒரு மாத வாடகையும் ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை என்றார். ஒழுகும் பின்னறையின் படத்தை இணைத்தார். வரும் மாதம் முதல் ஆறு மாதத்துக்குப் பதினாறாயிரமாகக் குறைக்க முடியுமா, தகரம் வாங்கித் தந்தால் ஆள்கூலி என் செலவு என்றார். இன்னொரு ஆதாரமும் இருந்தால் நல்லது என்று தோன்றியது. இதே கட்டடத்தில், இதே அளவுள்ள பக்கத்துக் கடைக்குப் பதினாலாயிரம்தான் என்று ஒரு வரி சேர்த்தார். அது மணிக்கூடு திருத்தும் ஸம்சுதீனின் கடை. ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் ஸம்சுதீன் அதைச் சொன்னார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நல்லையாவின் கண்ணியமான நடையைப் பொன்னுத்துரை மெச்சியிருந்தார். ஒரே அளவுள்ள இரண்டு கடைக்கு இரண்டு வாடகை நியாயமில்லை என்பதை ஏற்கிறாராம். ஆகவே இனி இருவருக்கும் பதினேழாயிரம். நல்லையா கூட்டிப் பார்த்தார். அந்த ஆளுக்கு ஒரு சதம் நட்டமில்லை. தூ என்று வாய்க்கு வந்தது. ஆனால் மூவாயிரம் குறைந்ததில் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, அதுதான் அவருக்கு இன்னும் அசிங்கமாகப் பட்டது.

மத்தியானம் ஸம்சுதீன் போனோடு வந்து நின்றார். தன் வாடகை ஏறியதைச் சொல்லி, இதற்கு ஒரு பதில் எழுத வேண்டும் என்றார். நல்லையா போனை வாங்கிப் பொன்னுத்துரையின் வரிகளைப் படித்துத் திரையைக் கீழே தள்ளினார். அடியில், ஒரு எழுத்து விடாமல், நல்லையாவே பொன்னுத்துரைக்கு அனுப்பிய மின்னஞ்சல் முழுதும் கிடந்தது.

"அதையும் வாசிச்சேன் நல்லையா," என்றார் ஸம்சுதீன். "மரியாதையாத்தான் எழுதியிருக்கீங்க. எனக்கும் அதே மாதிரி ஒன்னு எழுதித் தாங்க."