‘நீக்கம்’ என்ற சொல்

நாற்பத்தைந்து வயதில் வங்கி வேலையை விட்டுவிட்டு எம்.ஏ. சமூகவியல் படிக்கப் போனேன். மதத்தின் சமூகவியல் என்றொரு பாடம். அதற்கு நீண்ட கட்டுரை ஒன்று எழுத வேண்டும். பேராசிரியை என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். அடையாறில் அவர் வீடு. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அவர் கொடுத்த தலைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நாடு நவீனமாக ஆக மதம் தேயும் என்று ஒரு கோட்பாடு உண்டு. மதம் இன்னும் தெருவை நிறைத்துக்கொண்டிருக்கும் நம் ஊரைப் போன்ற சமூகங்களுக்கு அது பொருந்துகிறதா என்பது கேள்வி.

நான் இருப்பது மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். கேள்விக்கான பதில் என் பால்கனிக்குக் கீழேயே போய்வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். போன வருஷப் பங்குனித் திருவிழாக் கூட்டத்தை வர்ணித்து, கோட்பாடு பொய் என்று முதல் வரைவை முடித்துவிட்டேன். பேராசிரியை அதைப் படித்துவிட்டு மென்மையாகத்தான் சொன்னார். இது ஒரே கோட்பாடு இல்லை, ஒரே பெயரில் மூன்று கூற்றுகள் சேர்ந்திருக்கின்றன. சட்டம், மருத்துவம், கல்வி, வணிகம் எல்லாம் மதத்தின் பிடியிலிருந்து பிரிந்து தனித் துறைகளாகும் என்பது ஒன்று. நம்பிக்கையும் வழிபாடும் குறையும் என்பது இன்னொன்று. மதம் பொதுவெளியை விட்டு வீட்டுக்குள் போய்விடும் என்பது மூன்றாவது.

“உங்க கூட்டம் இதுல எதைப் பொய்யாக்குது, அக்கா?” என்று கேட்டார்.

மூன்றாவதை மட்டும்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

மறுபடி எழுதினேன். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கீழ் வீட்டில் இருப்பவர், ஓய்வுபெற்ற பொறியாளர். மகள் கல்யாணத்துக்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி நாள் குறித்தார். அதே வருஷம் கண் அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவமனை சொன்ன செவ்வாய்க்கிழமையைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார். அவரிடம் அனுமதி வாங்கி, அடையாளம் தெரியாதபடி அதை எழுதினேன். பக்தி குறையாமலே மதத்தின் அதிகாரம் சில துறைகளிலிருந்து விலகலாம் என்பதற்கு அது நல்ல உதாரணமாகப் பட்டது. துறைகள் பிரிவதும் இங்கே பாடப் புத்தகத்தில் உள்ளபடி நடக்கவில்லை. அரசு கோயிலை விட்டு விலகவில்லை, அதன் நிர்வாகத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. கோட்பாட்டின் அளவுகோல்களிலும் சிக்கல் இருந்தது. வாராவாரம் தேவாலயத்தில் சபை கூடும் நாடுகளில், எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்து பக்தியை அளந்தார்கள். வாசலில் கோலம் போட்டுவிட்டு, கோயில் பக்கமே போகாமல், பிரதோஷ விரதம் இருப்பவரை அந்த அளவுகோலில் எங்கே வைப்பது?

பாடக் குறிப்புகளில் கோட்பாட்டை ‘மதநீக்கக் கோட்பாடு’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். நானும் யோசிக்காமல் தலைப்பில் அதையே போட்டேன்: ‘மதநீக்கம் நமக்குப் பொருந்துமா?’ முதல் பக்கம் முழுக்கக் கோட்பாட்டை அதன் ஆதரவாளர்களின் குரலிலேயே விளக்கியிருந்தேன். மறுப்பு இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும். ஜெராக்ஸ் கடையில் முதல் பக்கம் மை பரவி வீணாக, கடைக்காரர் அதைக் கசக்காமல் ஓரமாகப் போட்டார். நானும் கவனிக்காமல் வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்தின் படம் எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் வந்தது. கீழே என் பெயரும் கல்லூரியின் பெயரும் தெளிவாகத் தெரிந்தன. வெளியிலிருந்து யாரோ அனுப்பியதை யாரோ இங்கே போட்டிருந்தார்கள். ‘நம் தெருவில் குடியிருந்துகொண்டே மதத்தை நீக்கத் திட்டம்’ என்று மேலே எழுதியிருந்தது. இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள் என்று நான் பதில் போட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெரியாத எண்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. சிலர் திட்டினார்கள், சிலர் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டார்கள். என் கணவர் வேலை விஷயமாகப் புனேயில் இருந்தார். போனை அணைத்து வை, கட்டுரையை வேறு தலைப்பில் எழுதிக்கொள்ளலாம் என்றார். என்னால் அணைக்க முடியவில்லை. அணைத்தால் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போய்விடுமே என்ற பயம்.

இந்த வருஷத் திருவிழாவின் அறுபத்துமூவர் உலா அன்று மதியம் ஒரு செய்தி வந்தது. வசவு எதுவும் இல்லை. ‘உங்க பொண்ணு தி.நகர் கோச்சிங் தானே போகுது’ என்று ஒரே ஒரு வரி.

மகளுக்கு அழைத்தேன். வகுப்பில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரியும், தெரிந்தும் திரும்பத் திரும்ப அழைத்தேன். கோச்சிங் அலுவலக எண்ணை யாரும் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

வீதியில் கால் வைக்க இடமில்லை. ஆட்டோ எதுவும் உள்ளே வரமுடியாது, லஸ் முனை வரைக்கும் நடந்துதான் போக வேண்டும். பல்லக்குகள் வந்துகொண்டிருந்தன. கூட்டம் என்னை ஒரு மோர்ப் பந்தலின் மூங்கிலோடு சேர்த்து நசுக்கியது. போன வருஷம் இதே இடத்தில் நின்று எத்தனை குறிப்புகள் எடுத்திருக்கிறேன். கம்பெனிப் பெயர் போட்ட விசிறியை இலவசமாகக் கொடுப்பவர்கள், தடுப்பைப் பிடித்து நிற்கும் போலீஸ், செல்பி எடுத்த கையாலேயே கும்பிடுபவர்கள் என்று எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு எதுவும் ஆய்வுப் பொருளாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முகமும் என்னைத் தெரிந்த முகமாக இருந்தது. தொண்டர் சட்டை போட்ட ஒருவர் என் தோளைத் தொட்டபோது அலறிவிட்டேன். அவர் ஒரு டம்ளர் மோரை நீட்டிக்கொண்டிருந்தார்.

லஸ்ஸில் கிடைத்த ஆட்டோவில் ஏறி, ஆழ்வார்பேட்டை வழியாகப் போய், பனகல் பார்க்கில் சிக்கலில் மாட்டி, இறங்கி உஸ்மான் சாலைக் கூட்டத்துக்குள் நடந்தேன். கோச்சிங் வாசலில் என் மகள் தோழியோடு நின்று சோளம் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“ஏம்மா அழற? அப்பாவுக்கு என்னாச்சு?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும் வரை விடவில்லை. காரணத்தை ஆட்டோவில் சொன்னேன்.

மறுநாள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். எண்ணை எழுதிக்கொண்டார்கள். அன்று மாலை செயலாளர் வீட்டுக்கு வந்தார். மோர்ப் பந்தல் நடத்தும் குழுவின் தலைவர் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்க என்னைப் பார்க்க விரும்புகிறாராம். தனியாகப் பார்க்க வேண்டாம், கீழே கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் இருக்கும்போது பேசலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார். “நான் பக்கத்துலயே இருக்கேன், பயப்படாதீங்கோ. என் கண்ணு ஆபரேஷனைப் பத்தித்தானே எழுதியிருக்கேள், எனக்கும் இதுல பங்கு உண்டு” என்றார்.

நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குழுத் தலைவர் பக்கத்துத் தெருவில் பிளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். கோபமாக வந்தவர்போலத் தெரியவில்லை, கடமையாக வந்ததுபோலத்தான் இருந்தார். முழுக் கட்டுரையை நீட்டினேன். வாங்கவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்றார். உட்கார்ந்துகொண்டேன்.

“நீக்கம்னு போட்டுக்கீறீங்களே மேடம், யாரு நீக்கறது?” என்று கேட்டார்.

“யாரும் நீக்கல. தானா நடக்கும்னு சிலர் சொன்னாங்க. அரசாங்கம் எந்த மதத்துக்கும் சாய்வா இருக்கக் கூடாதுங்கறது வேற விஷயம், அது கொள்கை. இது ஒரு ஊகம். படிப்பு, ஆஸ்பத்திரி, வசதி எல்லாம் வந்தா மதம் ஒதுங்கிடும்னு ஊகம். அது இங்க சரியா வருதான்னுதான் பாக்கறேன்.”

“வருதா?”

இந்த இடத்தில் ‘இல்லவே இல்லை’ என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். என் மகள் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது நான் கண்ட முடிவு இல்லை.

“பாதி வருது, பாதி வரல” என்றேன். “தெருவை விட்டு மதம் போகும்னு சொன்னது இங்க தப்பு. நம்பிக்கை குறையுதா கூடுதான்னு கூட்டத்தை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா வைத்தியத்துலயும் கோர்ட்லயும் படிப்புலயும் மதம் முடிவு பண்றது குறைஞ்சிருக்கு. கூட்டமும் பெருகலாம், அந்த அதிகாரமும் குறையலாம். ரெண்டும் ஒண்ணா நடக்கும்.”

குழுத் தலைவர் செயலாளரைப் பார்த்தார்.

“இதுல சண்டை போட இன்னா சார் கீது?” என்றார். குரலில் ஏமாற்றம்தான் இருந்தது. எழுந்தவரிடம் அந்தச் செய்தியைக் காட்டினேன். எண்ணை இரண்டு முறை பார்த்தார். தன் ஆட்களில் யாரும் இல்லை என்று சத்தியம் செய்தார். அவரை நம்பினேன். அப்படியானால் அனுப்பியது யார் என்பது அதைவிடப் பெரிய பயமாக வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை தெரியாது. அந்த எண் அதற்குப் பிறகு உயிரோடு இல்லை.

அடுத்த வாரம் அடையாறு போனேன். எனக்கு நடந்ததைக் கட்டுரையின் கடைசிப் பகுதியாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். மதம் வீட்டுக்குள் முடங்கியிருந்தால் ஒரு பக்கத்துக்காக இத்தனை பேர் கொதிப்பார்களா, என் பயமே சான்று என்பது வாதம். பேராசிரியை அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார், “இதே ஆளுங்க ஒரு நடிகரைப் பத்தி எழுதினாலும் போன் பண்ணுவாங்க அக்கா. இது கோபத்தோட அளவு. பக்தியோட அளவான்னு உங்களால காட்ட முடியுமா?” முடியவில்லை. அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். ‘நீக்கம்’ என்ற சொல்லையும் எடுத்து, ‘உலகியல்மயமாதல்’ என்று மாற்றினேன். யாரோ செய்கிற காரியம் என்ற தொனி அதில் இல்லை, அதனால் அதுதான் சரியான சொல் என்று அவரிடம் சொன்னேன். சரியான சொல்தான். ஆனால் பயப்படாமல் இருந்திருந்தால் அதைத் தேடியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

மகளைக் காலை வகுப்புக்கு மாற்றினோம். கொஞ்ச நாள் நானே கொண்டுபோய் விட்டேன். ஒருநாள் போதும்மா என்று சொல்லிவிட்டு அவளாகவே பஸ் ஏறிப் போனாள்.

துறையின் ஆய்விதழில் கட்டுரையைப் போடுகிறார்களாம். பெயர் வேண்டாம் என்றால் முதலெழுத்துகள் மட்டும் போடலாம் என்று பேராசிரியை எழுதியிருந்தார். கணவர் அதுதான் நல்லது என்றார். மகள், உன் இஷ்டம் என்றாள். இரண்டு நாள் யோசித்து, முழுப் பெயரோடு போடுங்கள் என்று பதில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு எழுந்து போய், வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.